“மதிப்பு கிடைக்காத கிணறுகள் நீக்கப்பட்டன” என்ற வரியைப் பற்றி

நிலத்தடி நீர் குறித்த ஆய்வேடுகளில் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: “ராஸ்டரில் மதிப்பு கிடைக்காத 14 கிணறுகள் பகுப்பாய்விலிருந்து நீக்கப்பட்டன.” எண் மாறும், வரி மாறாது. என் முதல் வரைவிலும் அது இருந்தது. வழிகாட்டியும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. இன்று அந்த வரியை எங்கே கண்டாலும், “எந்தப் பதினான்கு? ஏன் கிடைக்கவில்லை?” என்று கேட்கத் தோன்றுகிறது. அந்த இரு கேள்விகளுக்கும் பதில் எழுதாமல் ஒரு கிணற்றை நீக்குவது முறையன்று என்பதே இப்பதிவின் வாதம். அருகிலுள்ள செல்லின் மதிப்பை எடுத்துச் சத்தமின்றி நிரப்பிவிடுவதும் அதே அளவுக்கு முறையற்றது.

கொள்ளேகால் பகுதியை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்திலும், பின்னர் மைசூர் மாவட்டத்திலும், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்திலும் இருந்துவரும் நிலம் அது. வடக்கே காவிரி, சிவனசமுத்திரம் அருவி. கிழக்கே மலை மாதேஸ்வரன் மலைத்தொடர். தென்மேற்கே பிளிகிரிரங்கன் மலை. அடியில் இருப்பது கடினப் பாறை. நீர் பாறையின் வெடிப்புகளில்தான் தங்குகிறது. ஆகவே ஆழ்துளைக் கிணறுகள்தாம் அங்கே நிலத்தடி நீரை நாம் பார்க்கும் துளைகள். ஒவ்வொரு கிணற்றுக்கும் நீர்மட்டம் தெரியும். அதைச் சுற்றியுள்ள நிலத்தின் தன்மையைச் செயற்கைக்கோள் ராஸ்டரிலிருந்து எடுத்து, இரண்டுக்கும் உறவு காண்பது வழக்கமான ஆய்வு முறை.

ராஸ்டராக நாசாவின் மோடிஸ் கருவி வழி வரும் ஆவியுயிர்ப்புத் தரவைக் கொள்வோம். நிலத்திலிருந்தும் பயிரிலிருந்தும் எட்டு நாளில் ஆவியாகிப் போகும் நீர் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லும் தரவு அது. பெயர் `MOD16A2`. செல்லின் அளவு 500 மீட்டர் என்பார்கள். துல்லியமாகச் சொன்னால் ஏறத்தாழ 463 மீட்டர். கொள்ளேகால் விழும் ஓடு `h25v07`. கோப்பிலுள்ள முழு எண்ணை 0.1 ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர் கிடைக்கும்.

இதை நான் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. இத்தரவில் “மதிப்பு இல்லை” என்பது ஒரே ஒரு எண்ணாக இல்லை. 32767 என்றால் பொதுவான நிரப்பு எண். 32766 என்றால் நீர்நிலை. 32765 தரிசு அல்லது மிக அரிதான தாவரப்பரப்பு. 32764 பனி. 32763 நிலையான சதுப்பு. 32762 நகர்ப்புறம் அல்லது கட்டடப் பகுதி. 32761 வகைப்படுத்தப்படாதது. ஆக, தரவை உருவாக்கியவர்கள் “இங்கே கணக்கிடவில்லை” என்பதோடு நிறுத்தவில்லை. “ஏன் கணக்கிடவில்லை” என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். நாம்தான் படிப்பதில்லை. மென்பொருள் பொதுவாக ஒரே ஒரு எண்ணை மட்டுமே நோடேட்டா என்று அறியும். மற்ற ஆறும் மதிப்புகளைப்போல வேடமிட்டு அட்டவணைக்குள் வந்துவிடும்.

இனி ஒரு கணக்கு. விளக்கத்துக்காக நான் அமைத்த எண்கள் இவை, களத்தரவு அல்ல. 120 கிணறுகள் உள்ளன. 106 கிணறுகளுக்கு ஒழுங்கான மதிப்பு கிடைக்கிறது. அவற்றின் சராசரி எட்டு நாளுக்கு 15 மி.மீ. மீதமுள்ள 14இல், கொள்ளேகால் நகருக்குள் இருக்கும் 9 கிணறுகள் 32762 மீது விழுகின்றன. காவிரிக் கரையோர 2 கிணறுகள் 32766 மீது விழுகின்றன. 3 கிணறுகளுக்கு வெறும் `NA` வருகிறது.

முதல் தவறு, அந்த 11 குறியீட்டு எண்களையும் மதிப்பென்று நம்பி 0.1 ஆல் பெருக்குவது. ஒவ்வொன்றும் 3276 மி.மீ. ஆகும். மதிப்புள்ள 117 கிணறுகளின் சராசரி ஏறத்தாழ 322 மி.மீ. என்று வரும். எட்டு நாளில் 322 என்றால் நாளொன்றுக்கு 40 மி.மீ. ஒரு நாளில் 10 மி.மீ.யைத் தாண்டுவதே அரிது என்று அறிந்த எவரும் இதைக் கண்டவுடன் நிறுத்திவிடுவார்கள். ஆகவே இத்தவறு பெரும்பாலும் அச்சேறுவதில்லை.

இரண்டாம் தவறு, வெற்று மதிப்புகள் 0 ஆகிவிடுவது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஷேப்ஃபைலின் எண் புலம் வெற்று மதிப்பை நன்கு தாங்குவதில்லை. சில மென்பொருள்கள் ஏற்றுமதியின்போது அங்கே 0 எழுதிவிடும். அப்போது 14 கிணறுகளும் 0 ஆக, 120 கிணறுகளின் சராசரி 13.25 மி.மீ. என்று வரும். 15க்கும் 13.25க்கும் இடையே கண்ணை உறுத்தும் வேறுபாடு எதுவும் இல்லை. கோடை மாதத்துக்கு இது நம்பத்தக்க எண். மதிப்பாய்வாளரும் கடந்துபோவார். எனக்கு அச்சம் தருவது 3276 அன்று. அது தன்னையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. அச்சம் தருவது அமைதியாக உட்கார்ந்திருக்கும் அந்த 0.

இவ்விரண்டையும் தவிர்க்க வழி எளிது. மதிப்பை எடுக்கும்போதே காரணத்தையும் தனி நெடுவரிசையில் எடுத்துவைக்க வேண்டும். ஆர் மொழியில் `terra` கொண்டு செய்வதானால் இவ்வளவுதான்:

```r
library(terra)
r   <- rast("ET_500m.tif")   # பெருக்காத மூல எண்கள்
w   <- project(vect(wells, geom = c("lon", "lat"),
               crs = "EPSG:4326"), crs(r))
raw <- extract(r, w)[, 2]
bad <- is.na(raw) | raw > 32700
wells$code <- ifelse(bad, raw, 0)
wells$et   <- ifelse(bad, NA, raw * 0.1)
table(wells$code, useNA = "ifany")
```

`wells` என்பது கிணறுகளின் அட்டவணை. 32700 என்பது செல்லத்தக்க மதிப்பின் மேல்வரம்பு. `code` 0 என்றால் மதிப்பு உண்டு; வேறு எண் என்றால் அதுவே காரணம். ஓர் எச்சரிக்கை: கோப்பின் மேல்விவரத்தில் பெருக்கெண் எழுதப்பட்டிருந்தால் `terra` தானாகவே பெருக்கிவிடக்கூடும். அப்போது 32762 என்பது 3276.2 ஆக வரும். வரம்புச் சோதனை அதைப் பிடிக்காது. எனவே முதலில் `minmax(r, compute = TRUE)` பார்த்துவிடுங்கள்.

கடைசி வரியில் வரும் அட்டவணையை வைத்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். 14 கிணறுகளுக்கும் ஒரே மருந்து கொடுக்க முடியாது. அவற்றை ஒவ்வொரு குழுவாகப் பார்ப்போம்.

முதலில் `NA` வந்த மூன்று. இவை பெரும்பாலும் நிலத்தின் குறை அல்ல, நம் குறை. ஒரு கிணற்றின் அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருக்கிறது. கொள்ளேகால் ஏறத்தாழ 12.15 வடக்கு, 77.11 கிழக்கு. மாற்றி எழுதினால் 77.11 வடக்கு, 12.15 கிழக்கு ஆகும். அது ஸ்வால்பார்டு தீவுகளுக்கு அருகே ஆர்க்டிக் கடல். கிணறு ராஸ்டருக்கு வெளியே போய்விட்டது, `NA` வந்துவிட்டது. இந்தக் கிணற்றை நீக்கியவர், தட்டச்சுப் பிழையை ஆய்வு முடிவாக்கிவிட்டார்.

மற்ற இரண்டு கிணறுகளின் கதை வேறு. பதிவேட்டில் அவை “கொள்ளேகால் வட்டம்” என்றே இருக்கின்றன. ஆனால் அண்மையில் ஹனூர் தனி வட்டமாகப் பிரிந்துவிட்டது. நாம் ராஸ்டரை வெட்டியது புதிய கொள்ளேகால் எல்லையால். பழைய பதிவேடும் புதிய எல்லையும் சந்திக்கும் இடத்தில் அக்கிணறுகள் வெளியே நிற்கின்றன. அவற்றின் அடியில் நல்ல மதிப்பு இருக்கிறது. வெட்டிய கத்தரிதான் அதை எறிந்துவிட்டது.

எல்லையால் வெட்டுவதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கியூஜிஐஎஸ்ஸில் எல்லை அடுக்கைக் கொண்டு ராஸ்டரை வெட்டும்போது பின்னால் ஓடுவது `gdalwarp -cutline`. வேறு தேர்வு சொல்லாவிட்டால், செல்லின் மையம் எல்லைக்குள் இருந்தால்தான் அந்தச் செல் தங்கும். கிணறு எல்லைக்குள் இருக்கலாம். அது நிற்கும் 463 மீட்டர் செல்லின் மையம் எல்லைக்கு வெளியே இருக்கலாம். அப்போது எல்லைக்குள் உள்ள கிணறே மதிப்பை இழக்கும். கொள்ளேகாலின் வடக்கு எல்லையில் பெரும்பகுதி காவிரி. ஆகவே இப்படி இழக்கப்படுபவை ஆற்றங்கரைக் கிணறுகள். நீர்மட்டம் மேலே இருக்க வாய்ப்புள்ள கிணறுகள். விளிம்பில் நிகழும் இழப்பு குலுக்கல் முறையில் நிகழ்வதில்லை. இதற்கு நிரப்புதல் எதுவும் தேவையில்லை. வெட்டாத மூல ராஸ்டரிலிருந்து, அல்லது எல்லைக்கு வெளியே 2 கி.மீ. அளவு அகலம் விட்டு வெட்டியதிலிருந்து, மதிப்பை மறுபடி எடுத்தால் போதும். வரைபடத்துக்கு அழகாக வெட்டிக்கொள்ளுங்கள், அளவீட்டுக்கு வெட்டாதீர்கள்.

அடுத்தது ஆற்றங்கரையின் இரண்டு, 32766. செல்லின் பெரும்பகுதி நீர் என்பதால் தரவு அதை நீர்நிலை என்று குறித்திருக்கிறது. ஆனால் கிணறு ஆற்றுக்குள் இல்லை. கரையில் உள்ள வயலில் இருக்கிறது. இங்கே பக்கத்துச் செல்லின் மதிப்பைக் கடன் வாங்குவதற்கு நியாயம் உண்டு. நாம் கேட்பது “கிணற்றைச் சுற்றியுள்ள வயல் எவ்வளவு நீரை ஆவியாக்குகிறது” என்பது; ஆவியுயிர்ப்பும் ஒரே வகைப் பயிர்ப்பரப்பில் ஒரு செல் தள்ளிப் போனால் திடீரென்று மாறுவதில்லை. `terra`வின் அண்மைப் பதிப்புகளில் `extract` கட்டளைக்கு `search_radius` என்ற தேர்வு உண்டு. 32700க்கு மேற்பட்ட எண்களை `NA` ஆக்கிய ராஸ்டரில் அதை ஓட்டினால், மதிப்புள்ள அருகிலுள்ள செல்லைத் தேடித் தருவதோடு எவ்வளவு தொலைவிலிருந்து எடுத்தது என்பதையும் தரும். அந்தத் தொலைவு நெடுவரிசையை அழிக்காதீர்கள். கடன் வாங்கியது குற்றமன்று. கடன் என்று சொல்லாததே குற்றம். பிறகு அந்த இரண்டோடு ஒருமுறை, அவை இல்லாமல் ஒருமுறை உறவைக் கணக்கிட்டுப் பாருங்கள். முடிவு மாறினால், உங்கள் முடிவு இரண்டு கிணறுகளின்மேல் நிற்கிறது என்று பொருள்.

கடன் வாங்குவது எல்லா ராஸ்டருக்கும் பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம். அதே இடத்தில் உயர ராஸ்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்ஆர்டிஎம் உயரத் தரவின் தொடக்கப் பதிப்புகளில் செங்குத்தான பள்ளத்தாக்குகளிலும் நீர்ப்பரப்புகளிலும் வெற்றிடங்கள் உண்டு, குறியீடு -32768. சிவனசமுத்திரத்துப் பள்ளத்தாக்கைப் போன்ற நிலத்தில், 20 பாகைச் சரிவில், 90 மீட்டர் தள்ளியிருக்கும் செல்லின் உயரத்தைக் கடன் வாங்கினால் உயரம் ஏறத்தாழ 33 மீட்டர் பிசகும். தரைமட்டத்திலிருந்து ஆழத்தைக் கழித்து நீர்மட்ட உயரத்தைக் காணும் ஆய்வில், அந்த 33 மீட்டர் நேராக நீர்மட்டத்துக்குள் போய்விடும். ஆவியுயிர்ப்பில் பொறுக்கத்தக்க கடன், உயரத்தில் பொறுக்கத்தகாதது. மண்வகை, பாறைவகை போன்ற வகைப்பாட்டு ராஸ்டர்களில் நான்கு செல்களைக் கலந்து சராசரி காண்பதற்குப் பொருளே இல்லை. வகை 3க்கும் வகை 5க்கும் நடுவே வகை 4 என்று ஒரு பாறை விளைந்துவிடும்.

இப்போது எஞ்சியிருப்பவை நகரத்தின் ஒன்பது, 32762. என் கருத்தில் இவைதாம் மிக முக்கியமானவை. ஆய்வேடுகளில் மிக எளிதாக மறைந்துபோகின்றவையும் இவையே.

இங்கே பிழை எதுவும் இல்லை. ஆயத்தொலைவு சரி, எல்லை சரி. ஆவியுயிர்ப்பைக் கணக்கிடும் அந்த முறை தாவரப் பரப்புக்கானது. கட்டடப் பகுதிக்கு அது எதையும் கூற முன்வரவில்லை. இந்த மறுப்பை மதிக்க வேண்டும். நகரின் ஓரத்திலுள்ள கரும்பு வயலின் மதிப்பைக் கொண்டுவந்து, சிமெண்ட் தெருவின் நடுவே நிற்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கு ஒட்டினால், தரவை உருவாக்கியவர்களே சொல்லத் துணியாததை அவர்கள் பெயரில் நாம் சொல்கிறோம். ஆகவே நிரப்பக் கூடாது. `NA` ஆகவே இருக்கட்டும்.

ஆனால் ஒன்பதையும் விட்டுவிட்டுக் கடந்துபோகவும் கூடாது. நகரக் கிணறுகள் வயல் கிணறுகளைப்போல அல்ல. அங்கே மழைநீர் இறங்கும் பரப்பு குறைவு, கிணறுகள் நெருக்கம், இறைப்பு பாசனப் பருவத்தைப் பாராமல் ஆண்டு முழுதும் நடக்கும். அவற்றின் நீர்மட்டம் மற்றவற்றிலிருந்து ஒழுங்காகவே வேறுபட்டிருக்கக்கூடும். வேறுபடுகிறதா என்று பார்ப்பதும் கடினமன்று: ராஸ்டர் மதிப்புதான் இல்லை, நீர்மட்டம் நம் கையில் இருக்கிறது. மதிப்புள்ள கிணறுகளின் நீர்மட்டத்தையும் மதிப்பற்ற கிணறுகளின் நீர்மட்டத்தையும் பக்கம் பக்கமாக இரு பெட்டி வரைபடங்களாக இடுங்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்தால், நீக்கியதால் பெரிய சாய்வு நேரவில்லை என்று எழுதலாம். ஒரு பெட்டி கீழே இறங்கியிருந்தால், நாம் நீக்கியவை வெறும் 9 புள்ளிகள் அல்ல. ஒரு வகை நிலத்தையே நீக்கியிருக்கிறோம்.

அந்நிலையில் நேர்மையான வழி, நம் கூற்றைச் சுருக்கிக்கொள்வது. “கொள்ளேகால் பகுதியில் ஆவியுயிர்ப்புக்கும் நீர்மட்டத்துக்கும் உறவுண்டு” என்று எழுத நமக்கு உரிமையில்லை. “கொள்ளேகால் பகுதியின் வேளாண் நிலங்களில்” என்று எழுதலாம். இதைவிட முக்கியமானது கடைசியில் வரும் வரைபடம். மாதிரியைக் கட்டும்போது நகரத்தை விலக்கிவிட்டு, அதே மாதிரியால் நகரம் உட்பட முழு வட்டத்துக்கும் நீலமும் சிவப்புமாக வண்ணம் தீட்டிய வரைபடங்களைக் கருத்தரங்குகளில் கண்டிருக்கிறேன். கிணறுகளுக்குப் பொருந்திய அதே வெறுமை வரைபடத்திலும் வெறுமையாகத் தெரிய வேண்டும். நகரம் சாம்பல் நிறத்தில் இருக்கட்டும். அந்த வரைபடத்தை நம்பி எங்கே துளையிடலாம், எங்கே தடை விதிக்கலாம் என்று முடிவெடுப்பவருக்கு அந்தச் சாம்பல் நிறமும் ஒரு செய்திதான்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். “உண்மையில் அந்தக் கிணறுகள் நகரத்துக்குள்தான் இருக்கின்றனவா?” நல்ல கேள்வி. பழைய பதிவேடுகளில் கிணற்றின் ஆயத்தொலைவு இரண்டு தசம இலக்கத்தோடு நின்றிருக்கும். கொள்ளேகாலின் அட்சத்தில் 0.01 பாகை என்பது ஏறத்தாழ 1.1 கி.மீ.; இரண்டு செல்களுக்கு மேல். சில பதிவுகளில் கிணற்றின் இடத்துக்குப் பதிலாக ஊரின் மையமே எழுதப்பட்டிருக்கும். வயலில் இருக்கும் கிணறு காகிதத்தில் தெருவுக்குள் வந்துவிடும். அதனால் நோடேட்டா மீது விழுந்த கிணறுகளின் பட்டியலை எடுத்து, ஒரே ஆயத்தொலைவு இரு முறை வருகிறதா, தசம இலக்கங்கள் எத்தனை என்று பாருங்கள். ஐயமுள்ளவற்றைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்துக் கண்ணால் பாருங்கள். முடிந்தால் நேரில் சென்று ஜிபிஎஸ் கொண்டு குறித்து வாருங்கள். 14 கிணறுகளைப் பார்க்க ஒரு நாள் போதும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்தப் பதினான்கின் ஆயத்தொலைவில் இத்தகைய பிழை இருந்தால், மதிப்பு கிடைத்த 106இலும் இருக்கும். அவை தவறான வயலின் மதிப்பை அமைதியாக எடுத்துக்கொண்டு நிற்கின்றன. நோடேட்டா மீது விழுந்த கிணறு ஒருவகையில் நமக்கு உதவி செய்கிறது. பிழையைக் காட்டித் தருவது அது மட்டுமே.

ஆகவே நம் 120 கிணறுகளின் கணக்கு இப்படி முடிகிறது. 106 தொடக்கத்திலேயே மதிப்புள்ளவை. 1 ஆயத்தொலைவு திருத்தப்பட்டது. 2 வெட்டாத ராஸ்டரிலிருந்து மறுபடி எடுக்கப்பட்டவை. 2 ஒரு செல் தொலைவிலிருந்து கடன் பெற்றவை, தொலைவு குறிக்கப்பட்டது. 9 கட்டடப் பகுதி, மதிப்பின்றி விடப்பட்டவை. கூற்றும் வரைபடமும் அதற்கேற்பச் சுருக்கப்பட்டன. ஆய்வேட்டில் இதற்கு ஐந்து வரி அட்டவணை ஒன்று போதும். பக்கக் கணக்கில் கால் பக்கம்கூட ஆகாது.

வழிகாட்டிகளுக்கும் தேர்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாய்மொழித் தேர்வில் எந்த இடைக்கணிப்பு முறையைப் பயன்படுத்தினீர்கள், தொடர்பெண் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், அந்த ஐந்து வரி அட்டவணை எங்கே என்று கேளுங்கள். இரண்டு ஆண்டுகள் இப்படிக் கேட்டால் போதும். “நீக்கப்பட்டன” என்ற அந்த ஒற்றை வரி நம் ஆய்வேடுகளிலிருந்து தானே நீங்கிவிடும்.

என் முதல் வரைவில் நான் நீக்கியவற்றை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் பாதிக்கு மேல் நான் செய்த பிழைகளாக இருந்தன. உங்கள் தரவிலும் ஒருமுறை `table(wells$code, useNA = "ifany")` ஓட்டிப் பாருங்கள். என்ன வந்தது என்று கருத்துப் பகுதியில் எழுதினால் எல்லோரும் சேர்ந்து பேசலாம்.